போனில் ஓடும் அதே வைஃபை பாஸ்வேர்டை லேப்டாப் தப்பு என்கிறது, ஏன்?

வெண்ணாறு · சனி, காலை 9.40

வணக்கம். வீடு தஞ்சாவூர். போன வாரம் இடி விழுந்து ரவுட்டர் போய்விட்டது, புதுசு மாட்டினோம். வைஃபை பெயர் பழையபடியே இருக்கட்டும் என்று `Mullai` என்றே வைத்தேன். பாஸ்வேர்டு மட்டும் மாறியது. முன்பு `mullai2019`, இப்போது `Mullai@2019`. (உண்மையானது இது இல்லை, ஆனால் எழுத்துகளின் அமைப்பு அப்படியே இதுதான்.)

என் போன், அம்மா போன், டிவி மூன்றும் ஒரே தடவையில் இணைந்துவிட்டன. லேப்டாப் மட்டும் அடம் பிடிக்கிறது. முதல் நாள் பாஸ்வேர்டே கேட்காமல் `Can't connect to this network` என்றது. அப்புறம் சில தடவை கேட்டது, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். `The network security key isn't correct. Please try again.` என்று வருகிறது. இருபது தடவைக்கு மேல் போட்டுப் பார்த்துவிட்டேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அடித்தேன். பாஸ்வேர்டு சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திங்கள்கிழமை ஆன்லைன் தேர்வு இருக்கிறது, யாராவது உதவுங்கள்.

---

கடைசிபெஞ்ச் · சனி, காலை 9.58

தம்பி, வைஃபை பாஸ்வேர்டில் `@`, `#` மாதிரிக் குறிகள் போடவே கூடாது. சில லேப்டாப் ஏற்காது. வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து மாற்றுங்கள், உடனே இணையும். எங்கள் வீட்டில் இதே பிரச்சினை வந்து அப்படித்தான் சரி செய்தோம். அப்படியும் வரவில்லை என்றால் கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா பாருங்கள்.

---

மாம்பலம்வாசி · சனி, காலை 10.15

எனக்கும் இதே தலைவலி. ஸ்டிக்கரில் உள்ளதைச் சரியாகத்தான் போடுகிறேன், `192.168.1.1` பக்கம் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

---

சிக்னல்காரன் · சனி, காலை 10.50

வெண்ணாறு, பதினோரு வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். இந்தப் புகாரை வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவேன். உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் மாம்பலம்வாசிக்கு ஒரு வார்த்தை: நீங்கள் கேட்பது வேறு பாஸ்வேர்டு. அது ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போவதற்கானது, வைஃபையில் சேர்வதற்கானது இல்லை. ஸ்டிக்கரில் இரண்டும் தனித்தனி வரியில் இருக்கும். முதல்முறை மாட்டும்போது ஆள் வந்து அதை மாற்றியிருந்தால் ஸ்டிக்கரில் உள்ளது செல்லாது.

இப்போது வெண்ணாறு. நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன, அதைக் கவனித்தீர்களா? முதல் நாள் லேப்டாப் எதையும் கேட்கவில்லை. அதாவது அன்றைக்கு நீங்கள் எதையும் டைப் செய்யவில்லை. ஆனாலும் நிராகரிக்கப்பட்டது. அப்படியானால் அன்றைக்கு லேப்டாப் எந்தப் பாஸ்வேர்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது? அதற்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைத்தான், பழைய `mullai2019`ஐ. பெயர் மாறாததால் இது அதே பழைய வீடு என்று நினைத்துப் பழைய சாவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. இது ஒரு கோளாறு.

நீங்களே டைப் செய்து நிராகரிக்கப்பட்டது இரண்டாவது கோளாறு. அதன் காரணம் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இருபது தடவை என்ன, இருநூறு தடவை போட்டாலும் தெரியாது.

முதலில் பழையதைப் பார்ப்போம். ஸ்டார்ட் மெனுவில் `cmd` என்று தேடி, வலது கிளிக் செய்து `Run as administrator` கொடுங்கள். அதில் இது:

```
netsh wlan show profile name="Mullai" key=clear
```

வருவதில் `Key Content` என்ற வரியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். இன்னொரு கேள்வி: லேப்டாப் எங்கே வாங்கியது?

---

வெண்ணாறு · சனி, காலை 11.20

அண்ணா, நீங்கள் சொன்னதேதான்.

```
Authentication         : WPA2-Personal
Cipher                 : CCMP
Security key           : Present
Key Content            : mullai2019
```

பழையது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நான் இருபது தடவை புதுசைப் போட்டேனே, அது ஏன் இங்கே மாறவில்லை?

லேப்டாப் அக்கா லண்டனில் படித்தபோது அங்கே வாங்கியது. இங்கே வந்ததும் எனக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதம் முன்னால் ரொம்ப மெதுவாக இருந்ததால் கடையில் கொடுத்து ஃபார்மட் செய்து வாங்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

---

சிக்னல்காரன் · சனி, மதியம் 12.05

லண்டன் என்றீர்களே, அதுதான் எனக்கு வேண்டியது. அதற்கு வருகிறேன். முதலில், நீங்கள் போட்டது ஏன் அங்கே பதியவில்லை என்பதற்கு ஒரே வரிப் பதில்: நீங்கள் போட்டதில் எதுவும் இணைப்பில் முடியவில்லை, அதனால் பழைய பதிவு அப்படியே நிற்கிறது. அதை எடுத்துவிடுங்கள்:

```
netsh wlan delete profile name="Mullai"
```

எடுத்த பிறகு லேப்டாப்புக்கு `Mullai` புது ஊர். கட்டாயம் கேட்கும். அப்போது பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு, `Next` அழுத்தாமல், அந்தக் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பாருங்கள். புள்ளிகளுக்குப் பதில் எழுத்துகள் தெரியும். என்ன தெரிகிறது என்று அப்படியே இங்கே எழுதுங்கள். திருத்தாமல் எழுதுங்கள்.

கடைசிபெஞ்ச் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம். ஆங்கிலக் கீபோர்டில் அடிக்க முடிகிற எந்தக் குறியும் அதில் வரலாம், இடைவெளிகூட வரலாம். `@` போட்டதற்காக மறுக்கும் லேப்டாப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வீட்டில் குறியை எடுத்ததும் சரியாயிற்று என்கிறீர்களே, அது நடந்திருக்கும், நம்புகிறேன். ஏன் நடந்தது என்பதற்கு வெண்ணாறு பதில் போட்டதும் பாருங்கள்.

---

வெண்ணாறு · சனி, மதியம் 12.31

அண்ணா!! கண்ணை அழுத்தினால் இது தெரிகிறது:

```
Mullai"2019
```

நான் `@` விசையைத்தான் அழுத்தினேன். கீபோர்டில் `@` என்று அச்சடித்தே இருக்கிறது, என்டர் விசைக்குப் பக்கத்தில். சத்தியமாக அதைத்தான் அழுத்தினேன்.

---

சிக்னல்காரன் · சனி, மதியம் 12.48

நீங்கள் சரியாகத்தான் அழுத்தினீர்கள். விசையில் அச்சடித்திருப்பதைப் பார்க்கக் கண் இருப்பது உங்களுக்கு மட்டும்தான், விண்டோஸுக்கு இல்லை. எத்தனையாவது விசை அழுத்தப்பட்டது என்று மட்டும் அதற்குப் போகும். அந்த விசைக்கு எந்த எழுத்து என்பதைத் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்து அதுவே முடிவு செய்யும்.

உங்கள் லேப்டாப்பில் உள்ளது பிரிட்டிஷ் கீபோர்டு. அதில் எண் 2க்கு மேலே `"` இருக்கும், `@` என்டருக்குப் பக்கத்தில் இருக்கும். 3க்கு மேலே பவுண்டு குறி இருக்கும். என்டர் விசை இரண்டு வரிசை உயரத்துக்கு இருக்கும், இடது ஷிஃப்டுக்கும் `Z`க்கும் நடுவில் ஒரு விசை கூடுதலாக இருக்கும். நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் அமெரிக்க அமைப்புதான். அதில் `@` எண் 2க்கு மேலே, `"` என்டருக்குப் பக்கத்தில். இரண்டும் அப்படியே இடம் மாறிய ஜோடி.

அக்கா வைத்திருந்தவரை விண்டோஸில் பிரிட்டிஷ் பட்டியல் இருந்திருக்கும், எல்லாம் பொருந்தியது. கடையில் ஃபார்மட் செய்தவர் வழக்கம்போல இந்தியா என்று தேர்ந்தெடுத்திருப்பார். அன்றிலிருந்து உங்கள் விசையின் அச்சும் விண்டோஸின் பட்டியலும் வேறு வேறு. பழைய பாஸ்வேர்டில் குறியே இல்லை, எழுத்தும் எண்ணும் இரண்டு அமைப்பிலும் ஒரே இடம், அதனால் இரண்டு மாதம் தெரியாமலே போயிற்று. கடைசிபெஞ்ச் வீட்டில் குறியை எடுத்ததும் சரியானதற்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம்.

புள்ளிகளை எண்ணிப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. `@`க்குப் பதில் `"` வந்தாலும் பதினோரு புள்ளிதான்.

இன்றைக்கு உடனே வேலை ஆக வேண்டுமானால் ஷிஃப்ட் + 2 அழுத்துங்கள், `@` வரும். அப்புறம் நிதானமாக `Settings` > `Time & language` > `Language & region` போய், உங்கள் ஆங்கில மொழிக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியில் `Language options` திறந்து, `Add a keyboard` என்பதில் `United Kingdom` சேருங்கள். சேர்த்தபின் பழைய கீபோர்டை அங்கிருந்தே நீக்கிவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் விண்டோஸ் விசை + ஸ்பேஸ் தெரியாமல் பட்டாலே மாறிவிடும், மறுபடி இதே கதைதான்.

---

வெண்ணாறு · சனி, மதியம் 1.10

இணைந்துவிட்டது!! ஷிஃப்ட் + 2. நீங்கள் சொன்னபடி கீபோர்டும் சேர்த்துவிட்டேன், நோட்பேடில் எல்லாக் குறியும் அடித்துப் பார்த்தேன், அச்சில் உள்ளபடியே வருகிறது. ரொம்ப நன்றி அண்ணா.

இந்த இரண்டு மாதத்தில் `@` அடிக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். மின்னஞ்சல் முகவரியை ப்ரௌசரே நிரப்பிவிடும், லேப்டாப்பைத் திறக்க நான்கு இலக்க எண்தான். யோசித்துப் பார்த்தால் ஒருமுறைகூட அடித்ததில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பழைய பாஸ்வேர்டு போனாலும், `"` போட்ட பாஸ்வேர்டு போனாலும் ரவுட்டருக்குத் தெரியும் அல்லவா, ஏன் அது "ஆறாவது எழுத்துக்குப் பிறகு தப்பு" என்றாவது சொல்லக் கூடாது?

---

சிக்னல்காரன் · சனி, மதியம் 2.30

சாப்பிட்டுவிட்டு வந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்டதற்குச் சந்தோஷம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ரவுட்டருக்குத் தெரியாது. உங்கள் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை, சரியானதும் போவதில்லை, தப்பானதும் போவதில்லை. நீங்கள் அடித்த பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து லேப்டாப் தனக்குள்ளேயே 4096 சுற்று அரைத்து ஒரு நீளமான சாவி செய்துகொள்ளும். ரவுட்டரும் தன்னிடம் உள்ளதை வைத்து அதேபோல் ஒன்று செய்து வைத்திருக்கும். அப்புறம் ரவுட்டர் ஒரு எண்ணை அனுப்பும். லேப்டாப் தன் பக்கத்திலிருந்து ஒரு எண்ணை அனுப்பி, அந்தச் செய்தியின் மேல் தன் சாவியால் ஒரு முத்திரை குத்தி அனுப்பும். ரவுட்டர் தன் சாவியால் குத்திப் பார்க்கும். இரண்டு முத்திரையும் ஒன்றானால் மேலே பேச்சு நடக்கும். இல்லையென்றால் ரவுட்டர் அந்தச் செய்தியைக் கீழே போட்டுவிடும். பதில் கிடையாது.

ஒரு எழுத்து மாறினாலும் அரைத்து வரும் சாவி முழுக்க வேறாகிவிடும். அதனால் எந்த இடத்தில் தப்பு என்று ரவுட்டருக்குச் சொல்லவே வழியில்லை. அது முதல் செய்தியை இன்னும் இரண்டு மூன்று தடவை அனுப்பிப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். லேப்டாப்புக்குத் தெரிவது அவ்வளவுதான்: பதில் வரவில்லை, துண்டித்துவிட்டார்கள். அதைப் பார்த்து லேப்டாப் ஊகிக்கிறது, "பாஸ்வேர்டு தப்பாக இருக்கும்" என்று. திரையில் வருவது ரவுட்டரின் தீர்ப்பு இல்லை, லேப்டாப்பின் ஊகம்.

இது WPA2 முறையின் கதை. உங்கள் ரவுட்டரில் ஓடுவதும் அதுதான்.

---

பனைமரம் · சனி, மாலை 4.12

சிக்னல்காரன் சொன்ன "ஊகம்" என்ற சொல்லுக்கு லினக்ஸ் பதிவேட்டிலேயே சாட்சி இருக்கிறது. நான் போன மாதம் இதே மாதிரி மாட்டிக்கொண்டபோது `journalctl -u wpa_supplicant` போட்டுப் பார்த்தேன். வந்த வரி:

```
WPA: 4-Way Handshake failed - pre-shared key may be incorrect
```

"இருக்கலாம்" என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே செய்தி திரையில் வரும்போது அந்த "இருக்கலாம்" காணாமல் போய்விடுகிறது.

என் கதையையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். வீட்டு வைஃபை `Panai`, பாஸ்வேர்டு `Panai$2024` என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் இப்படிக் கொடுத்தேன்:

```
nmcli dev wifi connect Panai password Panai$2024
```

தப்பு என்றது. கீபோர்டு சரி, திரையில் என் கண் முன்னாலேயே `Panai$2024` என்று தெளிவாக இருக்கிறது. அரைமணி நேரம் ரவுட்டர் மேல் சந்தேகப்பட்டேன். விஷயம் என்னவென்றால் ஷெல்லுக்கு `$2` என்றால் வேறு அர்த்தம். அந்த இடத்தில் ஒன்றும் இல்லாததால் அதை எடுத்து விழுங்கிவிட்டு மீதியைக் கொடுத்திருக்கிறது: `Panai024`. சரியாக எட்டு எழுத்து. ஏழாகியிருந்தால் "நீளம் போதாது" என்று அப்போதே தடுத்திருக்கும், நானும் அப்போதே விழித்திருப்பேன். எட்டாகிவிட்டதால் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

ஒற்றை மேற்கோளுக்குள் வைத்ததும் முடிந்தது:

```
nmcli dev wifi connect Panai password 'Panai$2024'
```

---

மல்லி_டீச்சர் · சனி, மாலை 6.20

அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, கணினி அதிகம் தெரியாது. என் பிரச்சினையும் இதுதானா என்று தெரியவில்லை. என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். போன மாதம் வந்திருந்தபோது வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போனான். போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். என் போன் ஏற்கெனவே இணைந்திருக்கிறது. வேலைக்கு வரும் பெண்ணின் போனிலும் என் பேத்தியின் டேப்லெட்டிலும் போட்டால் தப்பு என்கிறது. தாளில் இருப்பது Malli2021. மகனைக் கேட்டால் "நான் சரியாகத்தான் அனுப்பினேன் அம்மா" என்கிறான். இரண்டு நாளாக அவனோடு இதே பேச்சு.

---

கடைசிபெஞ்ச் · சனி, மாலை 6.41

டீச்சர், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்தியில் அந்த எழுத்துகள் மட்டும் கொஞ்சம் தடிமனாகத் தெரிகிறதா? தெரிந்தால் அவர் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார் என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் `*` வந்தால் அந்தக் குறியை மறைத்துவிட்டு எழுத்தைத் தடித்துக் காட்டும். பாஸ்வேர்டு `*Malli2021*` ஆக இருக்கும்.

---

மல்லி_டீச்சர் · சனி, மாலை 7.05

ஆமாம், தடிமனாகத்தான் இருக்கிறது! முக்கியமானது என்று எனக்குக் காட்ட அப்படிப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். நட்சத்திரம் சேர்த்துப் போட்டோம். ஆனாலும் ஏற்கவில்லையே.

---

சிக்னல்காரன் · சனி, மாலை 7.22

கடைசிபெஞ்ச் நல்ல இடத்தைப் பிடித்தார். நான் அதை யோசிக்கவில்லை.

டீச்சர், முதல் எழுத்தைச் சின்ன `m` ஆக வைத்து ஒருமுறை போடச் சொல்லுங்கள்: `*malli2021*`. போனில் செய்தி எழுதும் இடத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கீபோர்டு தானே பெரிதாக்கிவிடும். பாஸ்வேர்டு கட்டத்தில் அப்படிச் செய்யாது. உங்கள் மகன் ரவுட்டரில் சின்ன எழுத்தில் வைத்திருப்பார், உங்களுக்கு அனுப்பும்போது போனே அதைப் பெரிதாக்கியிருக்கும். அவர் சரியாக அனுப்பினார் என்பதும் உண்மை, உங்களுக்கு வந்தது தப்பு என்பதும் உண்மை.

அதுவும் ஆகவில்லையென்றால் டைப் செய்யவே வேண்டாம். உங்கள் போன் இணைந்துதானே இருக்கிறது? அதில் வைஃபை அமைப்புக்குப் போய், இணைந்துள்ள பெயரைத் தொட்டு, `Share` கொடுங்கள். ஒரு கட்டம் கட்டமான க்யூஆர் படம் வரும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள போன்களில் இது இருக்கும். டேப்லெட்டின் கேமராவில் அதைக் காட்டினால் போதும். பல போன்களில் படத்துக்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும், அதைப் பார்த்துத் தாளைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

---

மல்லி_டீச்சர் · சனி, இரவு 7.50

சின்ன m, இரண்டு பக்கமும் நட்சத்திரம். உடனே இணைந்தது. பேத்தி இப்போதே கார்ட்டூன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மகனிடமும் சொன்னேன். இருவருக்கும் மிக்க நன்றி.

---

கீரிமலை · ஞாயிறு, காலை 7.15

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இவ்வளவு ஆங்கிலக் குறிச் சிக்கலும் எதுக்கு, தமிழிலேயே பாஸ்வேர்டு வைக்கலாமோ? என்ர நண்பன் வீட்டில வைஃபைக்குத் தமிழ்ப் பெயர் வைச்சிருக்கினம், வடிவா வருது.

---

சிக்னல்காரன் · ஞாயிறு, காலை 9.00

கீரிமலை, பெயரைத் தமிழில் வைக்கலாம், பாஸ்வேர்டை வைக்காதீர்கள். பாஸ்வேர்டுக்கு ஆங்கிலக் கீபோர்டின் எழுத்து, எண், குறி என்றுதான் வரையறை. ஏதாவது ஒரு ரவுட்டர் தமிழை ஏற்றுக்கொண்டாலும் உங்கள் டிவியோ பிரிண்டரோ அதை வேறு விதமாகக் குறித்துவைக்கும், அப்புறம் முத்திரை ஒத்துப்போகாது.

பெயருக்கும் ஒரு அளவு உண்டு, 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு கொம்பு, கால், புள்ளிக்கும் மூன்று பைட். "முல்லை வீடு" என்று வைத்தால் 31, தப்பித்துவிடும். "முல்லை இல்லம்" என்றால் 37, இடம் இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், எனக்கே அந்தப் பெயரை வைக்க ஆசை வந்து எண்ணினேன்.

---

மேல்மாடி · ஞாயிறு, காலை 10.30

இழை முழுவதும் படித்தேன். எனக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. ரவுட்டர் கீழ்வீட்டு ஹாலில். மூன்று வாரம் முன்னால் பாஸ்வேர்டை மாற்றினேன். என் போனில் பழைய பதிவை நீக்கிவிட்டேன், கண் படத்தை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். கீழே நின்றால் இணைகிறது. மாடிக்கு வந்தால் துண்டித்து, `Check password and try again` என்கிறது. அதே போன், அதே பாஸ்வேர்டு, பதினெட்டுப் படிதான் வித்தியாசம்.

---

சிக்னல்காரன் · ஞாயிறு, காலை 10.55

மாடியில் சிக்னல் போதவில்லை என்று ரிப்பீட்டர் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா, அதற்கும் அதே பெயர் வைத்து? அப்படியென்றால் அதன் உள்ளே இன்னும் பழைய பாஸ்வேர்டு இருக்கும். பெரும்பாலான ரிப்பீட்டர்கள் ரவுட்டரில் மாற்றியதைத் தாமாகத் தெரிந்துகொள்ளாது. மாட்டிய நாளில் எடுத்துக்கொண்ட நகலையே வைத்துக்கொண்டிருக்கும். மாடியில் உங்கள் போனுக்கு அதுதான் பக்கத்தில், அதனால் புதுப் பாஸ்வேர்டோடு அதன் கதவைத் தட்டுகிறது. பழைய பதிவு போனில் இல்லை, ரிப்பீட்டரில் இருக்கிறது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

---

மேல்மாடி · ஞாயிறு, காலை 11.40

ரிப்பீட்டர் இருந்தது, மாடிப்படி திருப்பத்தில். நான் அதை மறந்தே போயிருந்தேன். பிடுங்கினேன். இப்போது மாடியில் மூன்று தடவையில் ஒரு தடவை இணைகிறது, மற்ற இரண்டு தடவை அதே செய்தி. சிக்னல் ஒரே ஒரு கோடு.

---

பனைமரம் · ஞாயிறு, மதியம் 12.10

ஒரு கோடு என்றால் பாஸ்வேர்டுக்குச் சம்பந்தமே இல்லாமலும் அந்தச் செய்தி வரலாம். முத்திரை குத்திய செய்தி வழியிலேயே தொலைந்தாலும் போனுக்குத் தெரிவது பதில் வரவில்லை என்பது மட்டும்தான். மூன்றில் ஒன்று இணைகிறதே, தப்பான பாஸ்வேர்டு மூன்றில் ஒரு தடவை சரியாகாது.

---

சிக்னல்காரன் · ஞாயிறு, மதியம் 12.35

பனைமரம் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இப்போதைய ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. பல ரவுட்டர்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனிப் பாஸ்வேர்டு. பெயர் ஒன்றாக இருந்து, நீங்கள் ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றியிருந்தால், போன் எதைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து ஒருமுறை சரியாகும், ஒருமுறை தப்பாகும். ஹாலில் ஒன்றைப் பிடிக்கும், மாடியில் தடுமாறும். மூன்றில் ஒன்று என்ற கணக்கு இதற்கும் பொருந்துகிறது.

உங்களிடம் விண்டோஸ் லேப்டாப் இருந்தால் மாடியில் வைத்து இதைப் போடுங்கள்:

```
netsh wlan show networks mode=bssid
```

உங்கள் பெயருக்குக் கீழே எத்தனை `BSSID` வருகிறது, ஒவ்வொன்றின் `Channel`, `Signal` என்ன என்று எழுதுங்கள். சேனல் 1லிருந்து 13க்குள் என்றால் 2.4, 36ம் அதற்கு மேலும் என்றால் 5. ரவுட்டருக்குள் போய் இரண்டு பக்கத்திலும் பாஸ்வேர்டு ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

---

மேல்மாடி · ஞாயிறு, மாலை 5.20

லேப்டாப் தங்கை வீட்டில் இருக்கிறது, புதன்கிழமைதான் வரும். ரவுட்டர் பக்கத்துக்குள் போகலாம் என்றால் அதன் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் அழிந்துபோயிருக்கிறது. மாட்டிய ஆளுக்குப் போன் போட்டிருக்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை ரிப்பீட்டரை மறுபடி மாட்டலாமா, வேண்டாமா?

---

சிக்னல்காரன் · ஞாயிறு, மாலை 5.31

வேண்டாம். மாட்டினால் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. புதன்கிழமைக்குப் பிறகு, அதில் புதுப் பாஸ்வேர்டைப் பதித்த பின் மாட்டுங்கள்.